வெயில் படாத இடம் ஏன் கறுக்கிறது?

டெலிவரி வேலைக்குப் போகும் இளைஞர்களின் நெற்றியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முடி தொடங்கும் இடத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை தெரியும். மற்ற முகத்தைவிடக் கறுத்திருக்கும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது குருணை தூவியது மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரியும். கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “வெயில்ல சுத்துறோம்ல சார், அதான்.”

ஆனால் அந்தப் பட்டையில் வெயிலே படுவதில்லை. நாள் முழுக்க அது ஹெல்மெட்டின் பஞ்சுக்கு அடியில்தான் இருக்கிறது. மூக்கும் கன்ன எலும்பும் புறங்கையும் கறுப்பதற்கு வெயில் காரணம். நெற்றிப் பட்டைக்குக் காரணம் வேறு, அதற்குச் செய்ய வேண்டியதும் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரே க்ரீமைத் தேடிப் போகும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது.

சென்னை பெரும்பாக்கத்தில் இருக்கும் ஓர் இளைஞர், வயது 26. மேடவாக்கம், சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம் பக்கம் உணவு டெலிவரி செய்கிறார். காலை பதினொன்றிலிருந்து மூன்றரை வரை ஒரு சுற்று, மாலை ஆறரையிலிருந்து இரவு பதினொன்று வரை இன்னொரு சுற்று. பெயர் வேண்டாம் என்றார். வேலையில் சேர்ந்து நான்கைந்து மாதத்தில் நெற்றியில் அரிப்பு தொடங்கியிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஹெல்மெட்டைத் தூக்கிச் சொறிய வேண்டும் போலிருக்கும். அப்புறம் கொப்புளங்கள், அதைத் தொடர்ந்து கறுப்பு. தெருமுனை மருந்துக்கடையில் நெற்றியைக் காட்டியிருக்கிறார். சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு ட்யூபைக் கொடுத்திருக்கிறார்கள்.

“ஒரே வாரத்துல பளிச்னு ஆயிடுச்சு சார். அரிப்பும் இல்ல, பருவும் இல்ல. கலர் கூட கொஞ்சம் ஏறுன மாதிரி இருந்துச்சு. சரின்னு மூஞ்சி பூராவும் போட ஆரம்பிச்சேன்.”

மூன்று மாதம் போட்டிருக்கிறார். ஊருக்குப் போனபோது ட்யூபை எடுத்துப்போக மறந்து நான்கு நாள் விட்டதும் முகம் சிவந்து, எரிச்சலெடுத்து, கன்னமெல்லாம் கொப்புளம் கிளம்பிவிட்டது. திரும்ப வந்து அதே க்ரீமைப் போட்டதும் அடங்கியது. விட்டால் வந்தது, போட்டால் போனது. கடைசியில் மதிய வெயில் முகத்தில் பட்டாலே மிளகாய் தடவியது போல எரியத் தொடங்கிய பிறகுதான் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போயிருக்கிறார்.

அந்த ட்யூபில் இருந்தது

அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்த காலி ட்யூபைப் பார்த்தேன். பொடி எழுத்தில் மூன்று மருந்துகளின் பெயர்கள். ஒன்று பாக்டீரியாவுக்கு, ஒன்று பூஞ்சைக்கு, மூன்றாவது பெட்டாமெத்தசோன். இந்த மூன்றாவதுதான் ஸ்டீராய்டு. ஒரே வாரத்தில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கியதும், பிறகு வெயிலில் எரிய வைத்ததும் அதுதான்.

ஸ்டீராய்டு தோலின் வீக்கத்தையும் அரிப்பையும் சட்டென்று அடக்கும். மேல்தோலில் இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் சிவப்பு மறைந்து முகம் வெளுத்துத் தெரியும். கண்ணாடியில் பார்ப்பவருக்கு இது குணம் என்றுதான் தோன்றும். உள்ளே கொப்புளத்துக்குக் காரணமான கிருமி அப்படியே இருக்கும். தோலின் எதிர்ப்பை ஸ்டீராய்டு அடக்கி வைப்பதால், பூஞ்சைக்கு அது வசதியாகக்கூட அமைந்துவிடும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், நுண்ணிய ரத்தக் குழாய்கள் கோடுகோடாகத் தெரியும், கன்னத்தில் பூனைமுடி வளரும். நிறுத்தினால் அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாகக் கிளம்பும். போட்டால் அடங்குவதும் விட்டால் பொங்குவதுமாக ஒரு க்ரீம் இருந்தால், அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இது ஓர் இளைஞருக்கு மட்டும் நடந்ததில்லை. இந்தியத் தோல் மருத்துவர்கள் பன்னிரண்டு மையங்களில் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. விதி இருக்கிறது. கடையில் நெற்றியைக் காட்டினால் ட்யூப் கிடைப்பதும் நடக்கிறது.

ஆகவே ட்யூபைத் திருப்பி, மருந்துப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், டெக்ஸாமெத்தசோன், ஃப்ளூசினோலோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அது முகத்துக்குப் போகக் கூடாது. தொடை இடுக்கில் வரும் படர்தாமரைக்கும் இதே கலவை ட்யூபைத்தான் கடையில் நீட்டுகிறார்கள். வியர்வையோடு சீட்டில் மணிக்கணக்கில் உட்காரும் இவர்களுக்குப் படர்தாமரை சகஜம். ஸ்டீராய்டு பட்டால் வட்டம் கலைந்து உருமாறி, மருத்துவரே கண்டுபிடிக்கத் திணறும் அளவுக்குப் பரவிவிடும். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டு வருபவர் இதைப் படித்துவிட்டுத் தானாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போவதே சரி. எப்படி விடுவிப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

பஞ்சுக்கு அடியில் நடப்பது

சரி, அந்த நெற்றிப் பட்டைக்கு மூலகாரணம் என்ன? இரண்டு விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

முதலாவது, அழுத்தமும் உரசலும். அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் மில்ஸும் க்ளிக்மனும் 1975-லேயே இதை விவரித்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது அமெரிக்க ஃபுட்பால் வீரர்களை. ஹெல்மெட்டும் அதன் தாடை வாரும் அழுத்தும் இடங்களில் மட்டும் பரு வந்தது. வெப்பம், வியர்வை, அழுத்தம், உரசல் நான்கும் சேரும்போது முடிக்கால்களின் வாய் வீங்கி அடைபடுகிறது. அடைபட்டது பருவாகிறது. ஆறியதும் அந்த இடம் கறுக்கிறது. நம்முடைய மாநிறத் தோலில் சின்ன வீக்கம் வந்து போனாலும் கறுப்பு தங்கிவிடும். அதன் மேல் மறுநாளும் பஞ்சு உரசுகிறது. வெயில் படாத இடம் கறுக்கும் வழி இதுதான்.

இரண்டாவது, எண்ணெய். பெரும்பாக்கத்து இளைஞர் தினமும் காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறார். “எண்ணெ வெக்காம வெயில்ல போவாதடா, சூடு ஏறிக்கும்னு அம்மா சொல்லும்.” வெறுந்தலையோடு நடந்து போகிறவருக்கு அதில் பெரிய கெடுதல் இல்லை. ஹெல்மெட்டுக்குள் போகும்போது கதை வேறு. வெயிலில் உள்ளே சூடு ஏற ஏற எண்ணெய் இளகி வியர்வையோடு நெற்றிக்கு இறங்குகிறது. பஞ்சு அதைக் குடித்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க நெற்றியில் ஒற்றிக்கொண்டே இருக்கிறது.

எண்ணெய் முடிக்கால்களை அடைப்பதோடு நிற்பதில்லை. மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லோருடைய தோலிலும் இருக்கிறது. கொழுப்புதான் அதன் உணவு. நம் ஊரில் முதுகிலும் மார்பிலும் வரும் தேமலுக்கும், தலையில் வரும் பொடுகுக்கும் இதே மலசீசியாதான் காரணம். சூடும் ஈரமும் எண்ணெயும் கிடைத்தால் அது பெருகி, முடிக்கால்களுக்குள் இறங்கிக் கொப்புளங்களை உண்டாக்கும். பார்ப்பவர்கள் இதைத்தான் பரு என்று நினைத்துவிடுகிறார்கள்.

வித்தியாசத்தை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சாதாரணப் பரு பல அளவில் இருக்கும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, நடுவே கருமுள். தொட்டால் வலிக்கும், அவ்வளவாக அரிக்காது. பூஞ்சைக் கொப்புளங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில், கூட்டமாக, முடி ஓரத்தில் இருக்கும். கருமுள் இருக்காது. அரிக்கும். வியர்த்தால் அதிகம் அரிக்கும். கூடவே பொடுகோ முதுகில் தேமலோ இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பருவுக்கென்று ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டும் குறையாமல் கூடினால், மருத்துவரிடம் அதை அவசியம் சொல்ல வேண்டும். பாக்டீரியா குறையும்போது பூஞ்சைக்கு இடம் தாராளமாகிவிடும்.

நம் இளைஞருக்கு இருந்தது அரிக்கும் ரகம். மருத்துவர் கொப்புளத்தைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துப் பூஞ்சை என்று உறுதி செய்திருக்கிறார். அவருக்குச் சொல்லப்பட்ட முதல் மாற்றம், வேலைக்குப் போகும் நாளில் தலைக்கு எண்ணெய் கூடாது என்பது. வைத்தே ஆக வேண்டுமென்றால் விடுமுறை நாளில் வைத்து, அன்றைக்கே அலசிவிட வேண்டும். அடுத்தது கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு, வாரம் இரண்டு முறை. தலையில் நுரைக்கத் தேய்த்து, அந்த நுரையையே நெற்றியிலும் முடி ஓரத்திலும் தடவி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். போட்ட கையோடு அலசினால் மருந்து வேலை செய்ய நேரமில்லை. கண்ணில் படக் கூடாது. நாலு வாரத்தில் அடங்காவிட்டால் மாத்திரை தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

கருமுள்ளோடு வலிக்கும் சாதாரணப் பருதான் என்றால் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல் போதும். 5, 10 சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் கூடும், பலன் அதற்கேற்பக் கூடுவதில்லை. இரவில் மெல்லிதாகப் போட்டு, காலையில் நன்றாகக் கழுவிவிட வேண்டும். துணியின் சாயத்தை வெளுக்கும் குணம் அதற்கு உண்டு. முகத்தில் மிச்சமிருந்தால் ஹெல்மெட் பஞ்சும் தலையணை உறையும் திட்டுத்திட்டாக வெளுத்துப்போகும்.

ஹெல்மெட்டுக்கும் குளியல் வேண்டும்

மருந்து போட்ட நெற்றியை அழுக்குப் பஞ்சுக்குள் திரும்ப நுழைத்தால் என்ன பயன்? அந்த இளைஞர் ஹெல்மெட் வாங்கி ஒன்றரை வருடமாக உள்பஞ்சை ஒரு முறைகூடத் துவைத்ததில்லை. கழற்ற முடியும் என்றே தெரியாதாம். நான் பார்க்கக் கழற்றினார். கன்னத்துப் பஞ்சு இரண்டும் டிக் பட்டனில் மாட்டியிருந்தன. மேல் லைனிங் முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பட்டையில் செருகியிருந்தது. நெற்றி படும் இடம் மெழுகு பூசியது போலப் பளபளத்தது. விரலால் அழுத்தினால் பிசுபிசுப்பு. வெந்நீர் வாளியில் போட்டதும் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறியது.

துவைப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், ஒரு மூடி ஷாம்பு. கால் மணி நேரம் ஊறவிட்டு, கையால் அமுக்கி அமுக்கி அழுக்கை வெளியேற்ற வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு கூடு கலைந்து, ஹெல்மெட் தலையில் ஆடத் தொடங்கிவிடும். நுரை நிற்கும்வரை அலச வேண்டும், சோப்பு தங்கினால் அதுவே நெற்றியை அரிக்கும். நிழலில், காற்று வரும் இடத்தில் காய வைக்க வேண்டும். இரவு பதினொன்றரைக்குத் துவைத்து ஃபேன் அடியில் போட்டால் மறுநாள் பதினொன்றுக்குப் பெரும்பாலும் காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் காயாது. ஈரப் பஞ்சோடு மாட்டிக்கொள்வது துவைக்காததைவிட மோசம். வாரம் ஒரு நாள் விடுப்பு எடுப்பவர் அதற்கு முந்தைய இரவு துவைப்பதே நல்லது.

கழற்ற முடியாத லைனிங் உள்ள ஹெல்மெட்டை ஷாம்பு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, மறுபடி வெறும் தண்ணீர்த் துணியால் துடைத்துக் காய வைக்கலாம். சென்ட், கிருமிநாசினி, பெட்ரோல் எதுவும் உள்ளே படக் கூடாது. பஞ்சுக்குப் பின்னால் இருக்கும் தெர்மாகோல்தான் விபத்தில் மண்டையைக் காப்பாற்றுவது. சில ரசாயனங்கள் அதைக் கரைத்துவிடும், கடும் சூடு சுருக்கிவிடும். வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் உச்சி வெயிலில் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக் காய வைப்பதும் இந்தக் காரணத்தால் கூடாது.

வாரம் ஒரு துவையல் போதாது என்பதால் நடுவே ஒரு துணி வேண்டும். மெல்லிய பருத்தியில் தலையை ஒட்டி இருக்கும் உள்தொப்பி இரண்டு இருந்தால் போதும். மதியச் சுற்றுக்கு ஒன்று, இரவுச் சுற்றுக்கு ஒன்று, வீடு வந்ததும் இரண்டும் துவைக்க. முடிச்சுப் போட்டுக் கட்டும் கர்சீப் அவ்வளவு நல்லதில்லை. முடிச்சும் மடிப்பும் இருக்கும் இடத்தில் ஹெல்மெட் கூடுதலாக அழுத்தும், சரியாக உட்காரவும் செய்யாது. ஜடை போட்டு ஹெல்மெட் மாட்டும் பெண்களுக்கும் இந்த உள்தொப்பி பொருந்தும். ஈரத் தலையோடு மாட்டுவதை மட்டும் அவர்கள் தவிர்க்க வேண்டும்.

வெயிலுக்கு முதலில் துணி, அப்புறம் க்ரீம்

இனி வெயில் படும் இடங்கள். சன் ஸ்கிரீன் பற்றிப் பேசும் விளம்பரங்கள் எதுவும் ஏ.சி. அறையிலிருந்து காருக்கு நடப்பவரைத் தாண்டி யோசிப்பதில்லை. டெலிவரிக்காரருக்கு அந்தக் கணக்கு உதவாது. ஏன் என்று பார்ப்போம்.

டப்பாவில் எஸ்.பி.எஃப். 30 அல்லது 50 என்று போட்டிருப்பது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதித்த அளவு. முகம், காது, கழுத்துக்கு அந்தக் கணக்கில் ஒரு முறைக்கு ஒன்றரை கிராமாவது வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக இரண்டு கோடு பிழிந்தால் வரும் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். நம்மில் பலர் போடுவது அதில் பாதிகூட இருக்காது. பாதி போட்டால் டப்பாவில் எழுதியிருக்கும் காப்பு கிடைக்காது. வியர்வை வேறு கரைத்துவிடும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். மதியச் சுற்றுக்கு மட்டும் குறைந்தது இரண்டு முறை என்றால்கூட ஒரு நாளைக்கு மூன்று கிராம். 50 கிராம் ட்யூப் பதினாறு நாளில் தீரும். ட்யூப் 400 ரூபாய் என்று வைத்தால் மாதம் 750 ரூபாய். பெட்ரோலுக்கும் வண்டித் தவணைக்கும் எண்ணி எண்ணிச் செலவழிப்பவரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னாலும் அவர் மிச்சம் பிடித்துக் கடலை அளவுதான் போடுவார். அதில் பயனில்லை.

அதனால் வரிசையை மாற்ற வேண்டும். துணியும் ஹெல்மெட் கண்ணாடியும் முதலில். அவற்றால் மூட முடியாத இடத்துக்கு மட்டும் க்ரீம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டுகளின் கண்ணாடி பொதுவாகப் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். நிறமில்லாமல் தெளிவாக இருந்தாலும் வெயிலின் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். இறக்கி விட்டிருந்தால் பாதி முகத்துக்கு இலவசக் காப்பு. பெரும்பாலானவர்கள் ஏன் தூக்கியே வைத்திருக்கிறார்கள் என்றால், கீறல் விழுந்து எதிர்வெளிச்சத்தில் கண் கூசுகிறது, மூச்சுக் காற்றில் பனி படிகிறது. தூசி படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் உலர்ந்தபடியே துடைப்பதுதான் கீறலுக்கு முதல் காரணம். தண்ணீர் விட்டுத் தூசியை ஓடவிட்ட பிறகே துடைக்க வேண்டும். கீறிப்போனால் கண்ணாடியை மட்டும் தனியாக மாற்றலாம், புது ஹெல்மெட் வேண்டியதில்லை. ஒரு பல் அளவு திறந்து வைத்தால் காற்றும் வரும், தூசியும் நேரே முகத்தில் அறையாது. கறுப்புக் கண்ணாடி இரவுச் சுற்றுக்கு ஆபத்து.

கைக்கு முழுக்கை உறை. புறங்கைவரை இழுத்துக் கட்டைவிரலை நுழைத்துக்கொள்ளும் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். மணிக்கட்டோடு நிற்கும் உறை போட்டவர்களின் கையில் வளையல் போட்டது மாதிரி கோடு விழுந்திருக்கும். புறங்கைதான் ஆக்சிலேட்டரைப் பிடித்தபடி நேரே வெயிலைப் பார்த்திருக்கும் இடம். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் தெரிந்தால் வெயிலும் வரும். வெள்ளைப் பருத்தி நனைந்தால் காப்பு இன்னும் குறையும். அடர்ந்த நிறத்தில் நெருக்கமாக நெய்து, சீக்கிரம் காயும் துணியே இந்த வேலைக்கு ஏற்றது. கழுத்தின் பின்பக்கத்துக்குக் காலர் வைத்த சட்டையோ கழுத்துத் துணியோ.

மிச்சமிருப்பது மூக்கு, கன்ன எலும்பு, காது மடல், கழுத்தின் முன்பக்கம். இவ்வளவுக்கு ஒரு விரல் கோடு போதும். பத்தே முக்காலுக்கு ஒரு முறை, ஒன்றரை மணிக்கு ஒரு முறை போட்டால் ஒரு ட்யூப் மாதம் முழுக்க வரும். எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கும் ஜெல் வகை போதுமானது. பஞ்சு மூடும் நெற்றியில் போட வேண்டாம். அங்கே வெயிலும் இல்லை, போட்டது வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கி எரிய வைக்கும். சாயங்காலச் சுற்றுக்குச் சன் ஸ்கிரீனே தேவையில்லை.

துடைப்பதும் தேய்ப்பதும்

தூசிக்குப் பயந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை சோப்பு போடுபவர்களும் இருக்கிறார்கள். குளியல் சோப்பு காரத்தன்மை கொண்டது. தோலின் இயற்கையான எண்ணெய்ப் படலத்தை அது எடுத்துவிட, வியர்வையின் உப்பே எரியத் தொடங்கும். காலையில் ஒரு முறை, இரவு வீடு வந்ததும் ஒரு முறை, மென்மையான ஃபேஸ் வாஷ் போதும். நடுவில் வெறும் தண்ணீர். வண்டிப் பெட்டியில் முகத்துக்கென்று ஒரு அரை லிட்டர் பாட்டில், ஒரு பருத்தித் துண்டு. ஒற்றி எடுக்க வேண்டும். சிக்னல் சிக்னலாகக் கர்சீப்பால் அழுத்தித் தேய்ப்பதே கன்னத்தையும் நெற்றியையும் கறுக்க வைக்கும். பீர்க்கங்காய் நாரால் கறுப்பைத் தேய்த்து எடுக்க நினைப்பவர்களுக்கும் இதுவே நடக்கிறது.

பவுடர் பூசிக்கொண்டு ஹெல்மெட் மாட்டுவதையும் விட்டுவிடலாம், வியர்வையில் அது பசையாகி அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது எலுமிச்சைக்கு. கறுப்புக்கு எலுமிச்சைச் சாறு தடவும் பழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்தச் சாற்றிலும் பழத்தோலிலும் இருக்கும் சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும். முதலில் தீக்காயம் போலக் கொப்புளிக்கும், பிறகு மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். வெயிலில் வேலை செய்பவர் முகத்தில் எலுமிச்சை படவே கூடாது.

பெரும்பாக்கத்து இளைஞருக்கு க்ரீமை நிறுத்திய முதல் மூன்று வாரம் கடுமையாகத்தான் இருந்திருக்கிறது. முகம் சிவந்து வீங்கும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லி அனுப்பியதால் பயந்து பழைய ட்யூபுக்குத் திரும்பவில்லை. எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசர், எரிச்சலைக் குறைக்க மாத்திரை, வாரம் இரு முறை ஷாம்பு. மதியச் சுற்றைக் குறைத்துக்கொண்டு இரவுச் சுற்றை நீட்டியிருக்கிறார், அதனால் வருமானமும் கொஞ்சம் போனது. அரிப்பு ஒரு மாதத்துக்குள் நின்றது. கொப்புளங்கள் அடங்க இரண்டு மாதத்துக்கு மேல். கறுப்பு இன்னும் போகவில்லை, வெளிறத் தொடங்கியிருக்கிறது. தோலின் கறுப்பு கரையப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட. அதை அவசரப்படுத்தும் க்ரீம் கேட்டுத்தான் மறுபடி மருந்துக்கடைக்குப் போகத் தோன்றும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அவர் என்னிடம் சொன்ன ஒரு குறையையும் எழுத வேண்டும். “முகம் கழுவுறதெல்லாம் சரி சார். எங்க கழுவுறது?” ஆர்டர் எடுக்கப் போகும் கடைகளில் பலவற்றில் கை கழுவும் இடத்துக்கு டெலிவரிக்காரர்களை விடுவதில்லையாம். வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பதுதான் காரணமாம். டெலிவரித் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2023-ல் நல வாரியம் அமைத்தது. சென்னை மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரில் இவர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறை ஒன்றைத் திறந்தது. நல்ல காரியம். ஆனால் துரைப்பாக்கத்தில் ஓடுபவர் முகம் கழுவ அண்ணா நகருக்கு வர முடியாது. ஒவ்வொரு உணவகமும் பார்சல் கவுன்ட்டருக்கு வெளியே ஒரு குழாயும் ஒரு நிழலும் வைத்தால், மதியம் ஒன்றரை மணிக்கு ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைக் கழுவி, உள்தொப்பியை மாற்ற இரண்டு நிமிடம் கிடைக்கும். ஆர்டருக்காக அவர்கள் வாசலில் காத்து நிற்கும் நேரம் அதைவிட அதிகம்.